நாலு யூனிட்னு வந்த லாரியில மூணு யூனிட்டும் இல்ல

சென்னையிலயும் பெங்களூருலயும் வேலை பார்த்துக்கிட்டு, ஊர்ல அப்பா அம்மாவுக்கு வீடு கட்டுறவங்க நெறைய பேரு. கம்பம் பள்ளத்தாக்குல இப்ப எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு ஒரு வீடாவது அப்படி எழும்பிக்கிட்டு இருக்கு. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். சிமெண்டுக்கு மூட்டைக் கணக்கு இருக்கு. கம்பிக்கு எடைச் சீட்டு இருக்கு. செங்கல்ல எண்ணிப் பார்த்துக்கலாம். மணலுக்கு மட்டும் லாரிக்காரர் வாயில வர்றதுதான் அளவு. இது மாறணும்ங்கிறது என் கருத்து. மாத்துறதுக்கு ஒரு டேப்பும், ஒரு நீளக் கம்பியும், அஞ்சாவது வகுப்பு கணக்கும் போதும்.

முதல்ல யூனிட்னா என்னன்னு சொல்லிடுறேன். நம்ம தமிழ்நாட்டுல ஒரு யூனிட்னா 100 கன அடி. பத்தடி நீளம், பத்தடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு மணலைப் பரப்பினா அது ஒரு யூனிட். கன மீட்டர்ல சொன்னா 2.83. இதே 100 கன அடிய மகாராஷ்டிராவுல பிராஸ்ங்கிறாங்க, இலங்கையில கியூப்ங்கிறாங்க. பேரு எதுவா இருந்தாலும் அளவு ஒண்ணுதான், அதுல யாருக்கும் சண்டை இல்ல. சண்டை வர்றது லாரியில இருக்கிறதை எப்படி அளக்கிறதுங்கிற இடத்துல.

பாடி மட்டத்துக்கு மணல் இருந்தா கணக்கு சுலபம். உள்நீளம், உள்ளகலம், உள்உயரம் மூணையும் பெருக்கினா கன அடி. இதுல உள்ளங்கிற வார்த்தை முக்கியம். டிப்பரோட பக்கப் பலகைக்கு வெளியில இரும்புப் பட்டைகள் நிக்கும். வெளியில டேப் பிடிச்சா அந்தப் பட்டையோட கனத்துக்கும் சேர்த்து நீங்க காசு குடுக்குறீங்க. சில வண்டியில பாடியைத் தூக்குற ஜாக்கி, பாடிக்குள்ளயே முன்பக்கம் ஒரு பெட்டி மாதிரி இடத்தைப் பிடிச்சிருக்கும். அதையும் கழிக்கணும். இது ரெண்டையும் பார்த்துட்டா பாடி வரைக்கும் கணக்கு சரியாயிடும்.

ஏமாத்து நடக்கிறது அதுக்கு மேல, கூம்பா நிக்கிற மணல்ல. போன வருசம் உத்தமபாளையம் பக்கத்துல எங்க அக்கா மகன் வீட்டு வேலைக்கு ஒரு டிப்பர்ல எம்.சாண்ட் வந்துச்சு. மாப்ள சென்னையில ஐ.டி. வேலை. போன்லயே பேசி நாலு யூனிட், யூனிட் 4,500 ரூபாய்னு முடிச்சு 18,000 ரூபாயை அனுப்பிட்டாரு. லோடு இறங்குறதுக்கு முன்னாடி நான் டேப்பைப் பிடிச்சேன். உள்நீளம் 13 அடி, உள்ளகலம் 7 அடி, பலகை உயரம் 2½ அடி. மணல் நடுவுல கூம்பா மேலே நின்னுச்சு. நடு உச்சியில கம்பியைத் தரை தட்டுற வரைக்கும் குத்தி, மணல் மட்டத்துல விரலை வச்சு உருவிப் பார்த்தா 4¼ அடி. அப்படின்னா பலகைக்கு மேல உச்சி 1¾ அடி.

டிரைவர் தம்பி கையில செல்போன்ல கணக்குப் போட்டுக் காட்டினாரு. பதிமூணு, ஏழு, நாலேகால், மூணையும் பெருக்கினா 386. "ஏறக்குறைய நாலு யூனிட்டுங்க ஐயா, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்"னாரு. பார்க்கிறவங்களுக்கு நியாயமாத்தான் தெரியும். பெருக்கல்ல தப்பே இல்ல. தப்பு அந்த நாலேகால்ல இருக்கு. அந்த உயரம் உச்சியில மட்டும்தான் இருக்கு. ஓரத்துல மணல் பலகை மட்டத்துக்குத்தான் நிக்குது. உச்சி உயரத்தை வச்சுப் பெருக்கினா, லாரி மேல ஒரு பெட்டி மாதிரி நாலு பக்கமும் செங்குத்தா மணல் நிக்கிறதா அர்த்தம். மணல் அப்படி நிக்குமா?

இதை எங்க ஊர்ல நான் ஓட்டு வீட்டை வச்சுத்தான் எல்லாருக்கும் சொல்லுவேன். சுவர் வரைக்கும் இருக்கிற இடம் முழு இடம். அதுக்கு மேல கூரைக்குள்ள இருக்கிற இடத்தை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பக்கம் மட்டும் சரிவு உள்ள கூரைன்னா, முகட்டு உயரத்துல ஒரு பெட்டி வச்சா எவ்வளவு வருமோ அதுல சரிபாதிதான் கூரைக்குள்ள இருக்கும். நாலு பக்கமும் சரிவுள்ள கூரைன்னா இன்னும் குறையும், ஏன்னா முன்னும் பின்னும் ரெண்டு முனையிலயும் வெட்டுப்படுது. லாரியில நிக்கிற மணல் இந்த நாலு சரிவுக் கூரை மாதிரிதான். நடுவுல நீளமா ஒரு முகடு, முன்னாடியும் பின்னாடியும் சரிவு.

அந்த நாலு சரிவுக் கூரைக்கு ஒழுங்கான கணக்கு இருக்கு. நீளத்தை மூணால பெருக்கி, அதுல அகலத்தைக் கழிக்கணும். வர்றதை அகலத்தாலயும் உச்சி உயரத்தாலயும் பெருக்கி ஆறால வகுக்கணும். மாப்ள வண்டிக்குப் போட்டா, 39-ல 7 போக 32. முப்பத்திரெண்டை ஏழால பெருக்கி, 1.75-ஆல பெருக்கி, ஆறால வகுத்தா 65 கன அடி வரும். நாலு பக்கமும் சரிவு ஒரே மாதிரி இருந்தாத்தான் இந்தக் கணக்கு அச்சுப் பிசகாம வரும். லாரி மேல அந்த அளவுக்கு நுணுக்கம் தேவையில்ல. டிராக்டர் டிரெய்லர்ல இருந்து பத்து சக்கர லாரி வரைக்கும் போட்டுப் பார்த்தா, பெட்டி அளவுல பத்துக்கு நாலு பங்கை ஒட்டியே விடை வருது. அதனால நான் சொல்ற சூத்திரம் இவ்வளவுதான்: உச்சி உயரத்துல பத்துக்கு நாலு எடுத்து, அதைப் பலகை உயரத்தோட கூட்டிப் பெருக்குங்க. முகடு இல்லாம ஒரே கூம்பா நின்னா மூணுல ஒரு பங்கு எடுங்க.

மாப்ள வண்டியில 1¾ அடிக்குப் பத்துக்கு நாலுன்னா 0.7 அடி. பலகை 2½-யோட கூட்டினா 3.2. பதிமூணு, ஏழு, 3.2 பெருக்கினா 291. முன்னாடி ஜாக்கி பெட்டி ரெண்டடி அகலம், ஒண்ணரை அடி நீளம், 2½ அடி உயரம், அதுக்கு ஏழரை கன அடி போச்சு. மிச்சம் 283. நாலு யூனிட்னு காசு குடுத்தது 2.83 யூனிட்டுக்கு. பெருக்கல்ல 386, மணலா 283. நடுவுல இருக்கிற நூத்திச் சொச்சம் கன அடி யார்கிட்டயும் இல்ல. அது லாரியில ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. பில்லுல மட்டும் இருக்குது.

நம்ம பெரியவங்களுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்ல. களத்துல நெல் அளக்கும்போது படிக்கு மேல கும்பா நிக்க விட்டு அளக்குறதா, இல்ல தலை தட்டி அளக்குறதான்னு முன்னாடியே பேசி வச்சுக்குவாங்க. கும்பு வச்சு அளந்தா ஒவ்வொருத்தர் கைக்கும் ஒவ்வொரு அளவு வரும். தலை தட்டினா யார் அளந்தாலும் ஒண்ணுதான். கூலி நெல்லுக்குக் கும்பு வச்சுக் குடுக்கிறது மனசு. விலைக்கு அளக்கும்போது தலை தட்டுறது நியாயம். மணல்லயும் இதே நியாயம்தான் வேணும்னு நான் சொல்றேன்.

இப்ப சிலர் கேட்பீங்க, உங்க கணக்கு சரின்னு எப்படி நம்புறது, அவங்க கணக்கும் ஒரு கணக்கு, உங்க கணக்கும் ஒரு கணக்குதானேன்னு. சரியான கேள்வி. அதுக்கு ரெண்டு சாட்சி இருக்கு, ரெண்டுமே அளவு டேப் இல்லாத சாட்சி.

முதல் சாட்சி எடை மேடை. நல்லா காய்ஞ்ச ஆத்து மணல் ஒரு கன அடி சுமார் 45 கிலோ வரும். 2018-ல தமிழ்நாடு அரசு மலேசியாவுல இருந்து மணல் இறக்கி டி.என்.சாண்ட் வழியா வித்தப்போ, ஒரு யூனிட் 9,990 ரூபாய்னு விலை வச்சாங்க. அப்ப ஒரு யூனிட்டுக்கு சுமார் 4½ டன்னுன்னு எடையையும் சேர்த்தே சொன்னாங்க. நூறு கன அடிக்கு 4½ டன்னுன்னா கன அடிக்கு 45 கிலோ, கணக்கு ஒத்துப் போகுது. எம்.சாண்ட் பாறையை உடைச்சு எடுக்கிறது, அது இன்னும் கொஞ்சம் கனம். காய்ஞ்சது கன அடிக்கு 50 கிலோ பக்கம் வரும்.

அப்படின்னா நாலு யூனிட் எம்.சாண்ட் சுமார் 20 டன். மாப்ளைக்கு வந்தது ஆறு சக்கர டிப்பர். ரெண்டு அச்சு வண்டிக்கு, வண்டியும் சுமையும் சேர்த்தே 18½ டன்தான் இருக்கலாம்னு 2018-ல மத்திய அரசு உயர்த்தி வச்ச வரம்பு. அதுக்கு முன்னாடி 16.2 டன்தான். வெறும் வண்டியே ஆறரை, ஏழு டன் இருக்கும். மிச்சம் பதினொண்ணரை, பன்னெண்டு டன்தான் சட்டப்படி ஏத்தலாம். நாலு யூனிட் ஏத்தியிருந்தா மொத்தம் 26, 27 டன் ஆகியிருக்கும். ஒண்ணு, அந்த வண்டி வரம்பைத் தாண்டி எட்டு டன் அதிகமா ஏத்திக்கிட்டு நம்ம ஊர் ரோட்டுல வந்திருக்கணும். இல்லன்னா அதுல நாலு யூனிட் இல்லாம இருக்கணும். ஆறு சக்கரத்துல நாலு யூனிட்னு யாராவது சொன்னா, டேப்பை எடுக்கிறதுக்கு முன்னாடியே இந்த ரெண்டுல எதுன்னு கேளுங்க.

ரெண்டாவது சாட்சி சிமெண்ட் மூட்டை. ஒரு மூட்டை சிமெண்ட் சுமார் 1¼ கன அடி. கட்டுவேலைக்கு ஒண்ணுக்கு அஞ்சு கலவைன்னா ஒரு மூட்டைக்கு 6¼ கன அடி மணல் வேணும். 386 கன அடி மணல் இருந்தா 60 மூட்டைக்கு மேல ஓடணும். 283 இருந்தா 45 மூட்டையில தீந்து போகும். மாப்ள வீட்டுல 43-ஆவது மூட்டையில மணல் தீந்துச்சு. தரையில ஒட்டினது, சிந்தினது, மழையில ஓடினது போக, என் டேப் சொன்ன கணக்குக்குப் பக்கத்துலதான் வந்து நின்னுச்சு.

இந்த இடத்துலதான் விஷயம் காசைத் தாண்டிப் போகுது. மணல் இறங்கின அன்னைக்கே நான் கணக்கைச் சொல்லியிருந்தேன். ஆனா மாப்ளைக்கு மனசுல நாலு யூனிட்டுன்னே பதிஞ்சு போச்சு. மணல் தீந்துட்டுன்னு கொத்தனார் போன் பண்ணவும், "என்ன மாமா, மிச்ச மூட்டைக்கான மணல் எங்க போச்சு? ராத்திரி யாராவது அள்ளிட்டாங்களா? கொத்தனார் வேற சைட்டுக்கு ஏத்திட்டாரா?"ன்னு என்கிட்ட கேட்டாரு. முப்பது வருசமா எங்க ஊர்ல வேலை பார்க்கிற மனுசன் அந்தக் கொத்தனார். அவர் காதுல இது விழுந்திருந்தா மறுநாள் வேலைக்கு வந்திருக்க மாட்டாரு. "மாப்ள, அந்த மணல் நம்ம வாசலுக்கு வரவே இல்ல. வராத மணலை யார் திருடுறது?"ன்னு சொல்லி, மூட்டைக் கணக்கை வரிசையா எடுத்துச் சொன்ன பிறகுதான் அடங்கினாரு. வெளியூர்ல இருந்து வீடு கட்டுறவங்களுக்கும் ஊர்ல இருக்கிற சொந்தக்காரனுக்கும், கொத்தனாருக்கும், காவக்காரருக்கும் நடுவுல எத்தனையோ மனஸ்தாபம் இப்படித்தான் முளைக்குது. ஆளைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி அளவைச் சந்தேகப்படுங்க.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, அது ஈரம். இதை ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா மணல் எப்பவும் ஈரமாத்தான் வரும். எம்.சாண்டைக் கழுவி அனுப்புறாங்க, தூசி பறக்காம இருக்கத் தண்ணியும் தெளிக்கிறாங்க. ஆனா ஈர மணல் உப்பும். ஒவ்வொரு பொடி மேலயும் தண்ணி மெல்லிசா ஒரு தோல் மாதிரி படிஞ்சு, பக்கத்துப் பொடியைத் தள்ளி நிறுத்துது. வீரபாண்டி ஆத்துல சின்னப் பிள்ளைகள் ஈர மணல்ல வீடு கட்டி விளையாடுமே, அது இடியாம நிக்கிறதும் இந்தத் தண்ணித் தோலாலதான். அஞ்சுல இருந்து எட்டு சதவீத ஈரத்துலதான் மணல் அதிகமா உப்பும். பெரும்பொடி மணல் குறைவா உப்பும். நைஸ் மணல் முப்பது, நாப்பது சதவீதம் வரைக்கும் கூட உப்பும். வேடிக்கை என்னன்னா, தண்ணி சொட்டச் சொட்ட முழுசா நனைஞ்சுட்டா அந்தத் தோல் கலைஞ்சு, மணல் பழையபடி காய்ஞ்ச அளவுக்கே உக்காந்துரும்.

கையில ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்க. உருண்டையா நின்னு, விரல் இடுக்குல தண்ணி வரலைன்னா அது உப்பின மணல். எவ்வளவு உப்பியிருக்குன்னு தெரிய, மேலயும் கீழயும் ஒரே அகலமா இருக்கிற பழைய டின் ஒண்ணு போதும். பக்கெட் வேண்டாம், அது கீழ குறுகலா இருக்கும். டின்னுல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைய மணலை அமுக்காம கொட்டி, மேல சமமாக்கி, எத்தனை அங்குலம்னு குச்சியில குறிச்சுக்கோங்க. பத்து அங்குலம்னு வச்சுக்குவோம். அந்த மணலை வேற பாத்திரத்துல கொட்டிட்டு, டின்னுல பாதிக்குத் தண்ணி ஊத்தி, மணலைக் கொஞ்சங் கொஞ்சமா திரும்பப் போட்டுக் கம்பியால கிளறி விடுங்க. மணல் முழுசும் தண்ணிக்குள்ள உக்காந்த பிறகு மட்டம் எட்டு அங்குலம் காட்டினா, நீங்க வாங்கின பத்துக்கு எட்டுதான் காய்ஞ்ச மணல். மணல் மேல தண்ணியை ஊத்தினா காத்து உள்ளேயே மாட்டிக்கும், அளவு சரியா வராது. தண்ணிக்குள்ள மணலைப் போடுறதுதான் முறை.

மாப்ள வீட்டு மணல் பத்துக்கு எட்டுதான் காட்டுச்சு. 283-ல அஞ்சுல ஒரு பங்கு போனா காய்ஞ்ச மணல் 226 கன அடி. கன அடிக்கு 50 கிலோன்னா 11.3 டன், ஈரத்தோட எடையும் சேர்த்தா பன்னெண்டு டன். ஆறு சக்கர வண்டிக்குச் சட்டம் குடுக்கிற சுமையும் அதேதான். டேப்பும், டின்னும், எடை வரம்பும் மூணும் ஒரே இடத்துல வந்து நிக்குது பாருங்க. டிரைவர் சொன்ன 386 மட்டும் தனியா நிக்குது.

அப்ப எடை போட்டே வாங்கிட்டா பிரச்சினை தீந்துச்சேன்னு நினைக்கலாம். தீராது. கன அடியில வாங்கினா உப்பினதுக்குக் காசு போகுது. எடையில வாங்கினா தண்ணிக்குக் காசு போகுது. சொட்டச் சொட்ட நனைச்சு எடை மேடையில ஏத்தினா டன் ஏறிக்கிட்டேதான் இருக்கும். அதனால ரெண்டையும் பாருங்க. கன அடியில விலை பேசி, எடைச் சீட்டை வச்சு சரிபாருங்க. கூடவே நடைச்சீட்டையும் கேட்டு வாங்கி, அதுல எழுதின அளவையும் பில்லுல இருக்கிற அளவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் வேற வேறயா இருந்தா, எதுக்கு வித்தியாசம்னு கேக்குற உரிமை காசு குடுத்த உங்களுக்கு இருக்கு.

லாரிக்காரங்க பக்கத்தையும் சொல்லணும். டிரைவர் தம்பிக்குக் கிடைக்கிறது நடைக் கூலி. நாலு யூனிட்டுன்னு அவரா கண்டுபிடிக்கல, சொல்லி அனுப்பினதைச் சொல்றாரு. விக்கிறவங்களும் ஒரு போட்டியில மாட்டிக்கிட்டு இருக்காங்க. நாம எல்லாரும் போன்ல கேக்கிற முதல் கேள்வி "யூனிட் என்ன விலை?"ங்கிறதுதான். யூனிட் 5,500-னு சொல்றவரை விட்டுட்டு 4,500-னு சொல்றவர்கிட்ட போறோம். விலையைக் குறைக்க முடியாதவங்க யூனிட்டைப் பெருசாக்கிடுறாங்க. மாப்ள குடுத்த 18,000-ஐ 283 கன அடிக்கு வகுத்தா, ஒரு கன அடி 63 ரூபாய்க்கு மேல. பாடி மட்டமா அளந்து 5,500-னு குடுக்கிறவர்கிட்ட கன அடி 55 ரூபாய்தான். விலை அதிகம்னு நாம ஒதுக்கினவர்தான் மலிவா குடுத்தவர். ஒழுங்கா அளந்து விக்கிறவரைக் கடையை மூட வைக்கிறது நம்மளோட இந்த ஒரு கேள்விதான்.

அதனால போன்ல பேசும்போதே கேள்வியை மாத்துங்க. "பாடி உள்ளளவு என்ன? பாடி மட்டத்துக்கு எத்தனை கன அடி? அதுக்கு என்ன விலை?" இப்படிக் கேளுங்க. கும்பு வேண்டாம், பாடி மட்டத்துக்கு ஏத்துனா போதும்னு சொல்லிடுங்க. கும்பு இல்லாத லோடுல தகராறு பண்ண ஒண்ணுமே இல்ல. வழியில கொட்டாது, பின்னால பைக்குல வர்றவன் கண்ணுல விழாது, வண்டியும் வரம்புக்குள்ள இருக்கும். கும்போட வந்துட்டா பத்துக்கு நாலு கணக்கைப் போடுங்க. ரோட்டுல குலுங்கி வர்றதுல மணல் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும், அதை ஒரு காரணமா சொல்லுவாங்க. அமுங்கினது நியாயம்தான், ஆனா வாசல்ல என்ன அளவோ அதுதான் விலைக்கு அளவுன்னு முன்னாடியே பேசிக்கோங்க. அளக்கிறது கொட்டுறதுக்கு முன்னாடி நடக்கணும். கொட்டின பிறகு மணல் குலைஞ்சு, தரை மேடு பள்ளமும் சேர்ந்து, எந்தக் கணக்கும் உறுதியா நிக்காது.

அரசாங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. பெட்ரோல் கொண்டு போற டேங்கர் லாரிக்குள்ள எத்தனை லிட்டர் பிடிக்கும்னு அளந்து முத்திரை போட்டுத்தான் ரோட்டுக்கு விடுறாங்க. குடிதண்ணி லாரியில கூட எத்தனை லிட்டர்னு பெயிண்ட்ல எழுதியிருக்கு. டிப்பர் லாரியில என்ன எழுதியிருக்கு? சாமி பேரும் பிள்ளைகள் பேரும்தான். பாடி மட்டத்துக்கு எத்தனை கன அடின்னு அளந்து, பக்கப் பலகையில ஆளுயர எழுத்துல எழுத வைக்கணும். அதுக்குப் புதுசா ஒரு இலாகா வேண்டாம். தராசுக்கும் படிக்கும் முத்திரை போடுற எடை அளவுத் துறை இருக்கு, அவங்க டேப் பிடிச்சா போதும். ஒரு வண்டிக்குக் கால் மணி நேர வேலை. படிக்கு முத்திரை வேணும், 283 கன அடி பிடிக்கிற பாடிக்கு வேண்டாம்ங்கிறதுல என்ன நியாயம் இருக்கு?

அது வர்ற வரைக்கும், ஊர்ல உங்க வீட்டு வேலையைப் பார்க்கிற ஆளுக்கு நாலடி, அஞ்சடி நீளத்துல ஒரு எட்டு எம்.எம். கம்பித் துண்டும், ஒரு டேப்பும் வாங்கிக் குடுத்துடுங்க. ஒவ்வொரு லோடுக்கும் நீளம், அகலம், பலகை, உச்சி நாலு எண்ணையும் ஒரு நோட்டுல எழுதி, தேதி போட்டு, டிரைவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. மாப்ளைக்கு அடுத்த லோடு அப்படித்தான் வந்துச்சு. வேற ஒருத்தர்கிட்ட சொல்லி, பாடி மட்டத்துக்கு 2½ யூனிட்டுன்னு பேசி வாங்கினோம். பலகையோட ஒட்டி மட்டமா வந்துச்சு. டேப் பிடிச்சா 248. ரெண்டு கன அடிக்கு நான் சண்டை போடல.